வார்டில் கேனுலா எத்தனை இருக்க வேண்டும்?

"எங்களுடையது 40 படுக்கை உள்ள மருத்துவமனை. ஸ்டோரை நான் ஒருவனே பார்க்கிறேன். திங்களும் வியாழனும் வார்டுக்குச் சாமான் போகும். ஆண்கள் வார்டில் ஞாயிறு ராத்திரி கேனுலா தீர்ந்துவிடுகிறது, பக்கத்து வார்டில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. பார் லெவல் வைக்கச் சொல்கிறார்கள். எண்ணிக்கையை எப்படி முடிவு செய்வது?"

பார் லெவல் என்பது ஒவ்வொரு முறை நிரப்பி முடிக்கும்போதும் வார்டில் இருக்க வேண்டிய எண்ணிக்கை. அதை முடிவு செய்ய, முதலில் இண்டென்ட் புத்தகத்தை மூடி வையுங்கள். வார்டு கேட்ட அளவுதான் அதில் இருக்கும், செலவான அளவு இருக்காது. ஒருமுறை ராத்திரியில் கேனுலா இல்லாமல் அவஸ்தைப்பட்ட சிஸ்டர், அடுத்த முறை இரண்டு மடங்கு கேட்டு டிராயரில் பத்திரப்படுத்துவார். அது அவர் தப்பு இல்லை, ஸ்டோர்மேல் நம்பிக்கை போனதன் விளைவு. அந்தக் கணக்கை வைத்துப் பார் லெவல் போட்டால் பதுக்கலுக்கும் சேர்த்துத்தான் போடுவீர்கள்.

எனவே முதல் நாள் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரோடு சேர்ந்து அலமாரி, டிரஸ்ஸிங் டிராலி, டிராயர் எல்லாவற்றிலும் உள்ளதை ஒரே இடத்தில் வைத்து எண்ணுங்கள். அதன் பிறகு நான்கு வாரம், ஒவ்வொரு முறை நிரப்பப் போகும்போதும் மிச்சத்தை எண்ணி எழுதுங்கள். சென்ற முறை நிரப்பி முடித்தபோது இருந்தது, அதோடு இடையில் அவசரமாகக் கொடுத்தது, அதிலிருந்து இன்றைய மிச்சத்தைக் கழித்தால் வருவதுதான் உண்மையான செலவு.

உங்கள் ஆண்கள் வார்டில் பிங்க் கேனுலா, அதாவது 20 கேஜ், இப்படிப் போனதாக வைத்துக்கொள்வோம். வியாழன் முதல் திங்கள் வரையிலான நான்கு நாள் இடைவெளியில் நான்கு வாரமும் முறையே 36, 44, 31, 41. திங்கள் முதல் வியாழன் வரை 27, 33, 24, 30. மொத்தம் 266, ஒரு நாளைக்கு ஒன்பதரை. பலரும் இதை நான்கால் பெருக்கி 38 என்று வைத்துவிடுவார்கள். ஆனால் நான்கில் இரண்டு வாரம் 38-க்கு மேல் போயிருக்கிறது பாருங்கள். சராசரியை வைத்தால் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே தவிப்புதான். நீளமான இடைவெளியில் அதிகபட்சமாகச் செலவான 44-ஐ எடுங்கள், அதோடு ஒரு நாள் செலவாகப் பத்து சேருங்கள். 54 வருகிறது, 55 என்று வைத்துக்கொள்ளலாம். திங்களுக்கு ஒன்று, வியாழனுக்கு ஒன்று என்று இரண்டு எண் வேண்டாம், குழப்பம்தான் மிஞ்சும்.

இனி இண்டென்ட் தேவையில்லை. அலமாரியில் "பிங்க் – 55" என்று ஒட்டிவிடுங்கள். போனதும் எண்ணுங்கள், 17 இருந்தால் 38 வையுங்கள். புதிதை உள்ளே தள்ளி, காலாவதி சீக்கிரம் வருவதை முன்னால் வைக்க மறக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. எண்ணப் போன அன்று மிச்சம் பூஜ்யம் என்றால், அந்த முறை எவ்வளவு தேவைப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. பக்கத்து வார்டில் கடன் வாங்கியிருப்பார்கள், இல்லை 18 கேஜ் பச்சையைப் போட்டுச் சமாளித்திருப்பார்கள். அந்த எண்ணை அப்படியே கணக்கில் சேர்க்காதீர்கள், என்ன நடந்தது என்று கேட்டுத் திருத்தி எழுதுங்கள். மாறாக, திங்கள்கிழமைகளில் தொடர்ந்து 25-க்கு மேல் மிஞ்சினால் பத்தைக் குறைக்கலாம். குறைப்பதை மட்டும் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் குறைத்தால் டிராயர் மறுபடி நிரம்பத் தொடங்கும். மழைக்காலத்தில் காய்ச்சல் கேஸ் ஏறும்போது இந்த 55 போதாது, அக்டோபரிலேயே மறுபடி கணக்குப் பாருங்கள்.

எப்போதாவது மட்டும் செலவாகும் பொருளுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. குழந்தைகளுக்கான மஞ்சள் கேனுலா, 24 கேஜ், மாதத்துக்கு ஐந்துதான் போகிறது என்றால் கணக்குப்படி ஒன்று போதும். ஆனால் நரம்பு கிடைக்காத ஒரு குழந்தைக்கே மூன்று நான்கு வீணாகலாம். அங்கே ஒரு நோயாளிக்கு அதிகபட்சம் எத்தனை வேண்டும் என்று பார்த்து ஆறு வையுங்கள். எமர்ஜென்சி டிராலியில் உள்ளதைத் தொடவே வேண்டாம். அதில் எது எத்தனை என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், செலவானது அன்றைக்கே திரும்ப வைக்கப்பட வேண்டும்.

அப்புறம் உங்கள் ஸ்டோர். எல்லா வார்டும் சேர்த்து பிங்க் கேனுலா நாளைக்கு 25, சப்ளையர் தாமதித்தாலும் ஆறு நாளில் தருவார் என்றால், 150 வந்ததும் ஆர்டர் போடலாம் என்று தோன்றும். போதாது. ஸ்டோரிலிருந்து சரக்கு தினம் 25 ஆக இறங்குவதில்லை, நிரப்பும் நாளில் மொத்தமாக இறங்குகிறது. சனிக்கிழமை மாலை ஆர்டர் போட்டால், சரக்கு வருவதற்குள் திங்கள் 100, வியாழன் 75 போய்விடும். 200-ஐத் தொட்டதுமே ஆர்டர் போடுங்கள்.