மொறுமொறுப்பான ஓரத்திற்குத் தட்டில் இடைவெளி

“கீழக்கரையில் இருக்கிறேன். உருளைக்கிழங்கையும் காலிஃபிளவரையும் ஒரே தட்டில் பரப்பி ஓவனில் 220 டிகிரியில் வைத்தும் குழைகின்றனவே தவிர, ஓரம் மொறுமொறுப்பாவதில்லை.”

வணக்கம். சூடு போதுமானது, நெருக்கம்தான் காரணம். துண்டுகள் ஒட்டிக் கிடந்தால், அவற்றிலிருந்து எழும் நீராவி வெளியேற வழியின்றி அங்கேயே தங்கி, வறுபட வேண்டியதை அவித்துவிடும். ஆகவே இரண்டையும் தனித்தனித் தட்டுகளில், துண்டுக்குத் துண்டு ஒரு விரற்கடை இடைவெளி விட்டுப் பரப்புங்கள். கடற்கரை ஈரக்காற்றில் கழுவிய காலிஃபிளவர் எளிதில் உலராது என்பதால், துணியால் நன்றாக ஒற்றியெடுத்த பிறகே எண்ணெயில் புரட்டுங்கள். வெட்டிய பக்கம் தட்டில் படிந்திருக்கட்டும். 20 நிமிடம் தொட வேண்டாம். அதன்பின் தோசைத் திருப்பியை அடியில் நுழைக்கும்போது, துண்டு பிய்யாமல் விடுபட்டு அடிப்பக்கம் பொன்னிறமாகத் தெரிந்தால் மட்டுமே திருப்புங்கள். ஒட்டினால் இன்னும் சில நிமிடம் விடுங்கள். காலிஃபிளவர் பெரும்பாலும் முந்திக்கொள்ளும். அந்தத் தட்டை முதலில் எடுத்துவிடலாம்.