திருத்தியவர் பெயரும் காணாமல்போன ‘வெள்ளமும்’

“பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். பள்ளியில் மலையாளம் மீடியம், அதனால் ஒற்றுப்பிழை நிறைய வரும். எங்கள் பகுதிப் பேச்சுத்தமிழைப் பற்றிய பிஎச்.டி. ஆய்வேட்டை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் பணம் கொடுத்துத் திருத்தி வாங்கினேன். சில இடங்களில் வாக்கியத்தையே மாற்றி எழுதியிருக்கிறார். படிக்க நன்றாகவே இருக்கிறது. கூலி கொடுத்தாயிற்றே, நன்றியுரையில் எதற்குப் பெயர் என்கிறாள் தோழி. போட வேண்டுமா? அவர் மாற்றியதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?”

பெயர் போடுங்கள். மாற்றி எழுதியதை மட்டும் இப்போதைக்கு அப்படியே வைக்காதீர்கள்.

தோழி சொல்வது கொடுக்கல் வாங்கல் கணக்கு. பணம் கொடுத்ததும் அந்தக் கணக்கு தீர்ந்தது என்பது உண்மைதான். ஆனால் ஆய்வேட்டில் அவர் பெயர் வருவது உபசாரத்துக்காக மட்டும் இல்லை. இந்த மொழியில் இன்னொருவர் கை பட்டிருக்கிறது, இவ்வளவு தூரம் பட்டிருக்கிறது என்று தேர்வாளருக்குச் சொல்லும் தகவல் அது. பணம் வாங்கியவர், வாங்காதவர் என்ற வேறுபாடு இதில் கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஆய்வேடு திருத்துபவர்களுக்கான வழிகாட்டுதல் இதை வெளிப்படையாகவே கேட்கிறது: திருத்தியவர் பெயரும், செய்த வேலை என்ன என்பதும் அச்சில் வர வேண்டும், அந்த வேலையும் மொழித் திருத்தம், மெய்ப்பு பார்த்தல் என்ற எல்லைக்குள் நிற்க வேண்டும்.

“ஆய்வேட்டைச் செம்மைப்படுத்தி உதவினார்” என்று பலர் எழுதிவிடுகிறார்கள். செம்மை என்றால் ஒற்றும் ஆகலாம், இயலையே திருப்பி எழுதியதும் ஆகலாம். உங்களுக்கு இப்படி ஒரு வாக்கியம் போதும்: “இவ்வாய்வேட்டின் எழுத்து, சந்தி, தொடரமைப்புப் பிழைகளைக் கட்டணம் பெற்றுத் திருத்தித் தந்தவர் திரு. …, தரவுகளும் பகுப்பாய்வும் முடிவுகளும் என்னுடையவை.” தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த வாக்கியம் உண்மையாக இருந்தால்தான் நீங்கள் அதை எழுத முடியும். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் எனக்குக் கவலை தருகிறது.

உங்கள் துறையிலிருந்தே ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: “இச்சொல் இளையவர்களிடம் குறைவாக காணபடுகிறது. இது பள்ளி காரணமாக இருக்கலாம்.” திருத்துபவர் “குறைவாகக் காணப்படுகிறது. இதற்குப் பள்ளி காரணமாக இருக்கலாம்” என்று ஆக்கினால் அது திருத்தம். க் சேர்ந்தது, விட்டுப்போன ப் வந்தது, “இது” என்பது “இதற்கு” ஆனது. நீங்கள் சொன்னதில் ஒரு அணுவும் மாறவில்லை.

அதையே அவர் “தமிழ்வழிக் கல்வியின் தாக்கத்தால் இளையோரிடம் இச்சொல் அருகிவருகிறது” என்று எழுதினால்? நல்ல தமிழ்தான், படிக்கும்போது மகிழ்ச்சியாகக்கூட இருக்கும். கொஞ்சம் நின்று பாருங்கள். “இருக்கலாம்” போய்விட்டது, ஊகமாக இருந்தது முடிவாகிவிட்டது. பள்ளி என்று மட்டும் நீங்கள் சொன்ன இடத்தில் “தமிழ்வழி” புதிதாக வந்திருக்கிறது. உங்கள் ஊரில் மலையாளம் மீடியத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும்போது இது சின்ன விஷயமே இல்லை. மூன்றாவது எளிதில் கண்ணில் படாது. “குறைவாக இருக்கிறது” என்பது ஒரே காலத்தில் இரண்டு வயதினரை ஒப்பிட்டதன் பலன். “அருகிவருகிறது” என்றால் காலப்போக்கில் தேய்கிறது என்று பொருள். அதைத் தனியாக நிறுவ வேண்டும். இளையவர்கள் ரெக்கார்டர் முன்னால் கவனமாகப் பேசியதால்கூட அந்தச் சொல் குறைந்திருக்கலாம் அல்லவா? வைவாவில் தேர்வாளர் அதைக் கேட்டால், நீங்கள் சொல்லாத ஒன்றுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

எல்லைக்கோடு இங்கேதான் இருக்கிறது. எத்தனை சொல் மாறியது என்பது அளவுகோல் ஆகாது. நீளமான வாக்கியத்தை மூன்றாக உடைத்தாலும் அது திருத்தமாகவே இருக்கலாம். “லாம்” என்ற இரண்டெழுத்தை எடுத்தாலே மாற்றி எழுதியதாகவும் ஆகலாம். திருத்துபவருக்குச் சந்தேகம் வந்தால் ஓரத்தில் “எந்தப் பள்ளி? தமிழா, மலையாளமா? தரவு உண்டா?” என்று கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும். பதிலை எழுத வேண்டியவர் நீங்கள்.

இன்னொன்று, உங்களைப் போன்ற ஆய்வுகளுக்கே வருகிற ஆபத்து. நான் திருத்த ஆரம்பித்த காலத்தில் எல்லையோரப் பேச்சு பற்றிய ஒரு ஆய்வேட்டில் “கெணத்துல வெள்ளம் இல்ல” என்று இருந்தது. வெள்ளம் என்றால் பெருக்கு ஆயிற்றே, பிழை என்று நினைத்து “கிணற்றில் தண்ணீர் இல்லை” என்று மாற்றினேன். மலையாளத்தில்போல நீரை ‘வெள்ளம்’ என்று சொல்வதைக் காட்டத்தான் அந்த மேற்கோளே வைக்கப்பட்டிருந்தது. மாணவி கண்டுபிடித்ததால் தப்பியது. அன்றிலிருந்து தகவலாளி பேச்சில் ஒரு எழுத்தையும் நான் தொடுவதில்லை. உங்கள் மேற்கோள்களில் ‘சாதனம்’ ‘சாமான்’ ஆகியிருக்கிறதா, ‘போயி’ ‘போய்’ ஆகியிருக்கிறதா என்று ஒலிப்பதிவை வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆய்வேட்டுக்கு நேரக்கூடிய பெரிய சேதம் அதில்தான் இருக்கிறது.

அவர் Track Changes போடாமல் திருத்தியிருந்தாலும் வழி இருக்கிறது. நீங்கள் அவருக்குக் கொடுத்த கோப்பும் அவர் தந்த கோப்பும் இருந்தால் Word-இல் Review, அதில் Compare போய் இரண்டையும் கொடுங்கள். மாறியதெல்லாம் வண்ணத்தில் தெரியும். ஒற்று, எழுத்து, வேற்றுமை உருபு மாற்றங்களை ஏற்றுக்கொண்டு போய்விடலாம். “இருக்கலாம்”, “சில”, “பெரும்பாலும்”, “ஆகவே” போன்ற சொற்கள் வந்த இடத்திலும் போன இடத்திலும் நில்லுங்கள். கருத்து மாறியிருந்தால் அவர் வாக்கியத்தை மூடி வைத்துவிட்டு, தரவைப் பார்த்து நீங்களே எழுதுங்கள். அதில் பிழை இருந்தால் பிழையை மட்டும் அவரிடம் திருத்தி வாங்கலாம்.

முழுப் பத்திகள் அவருடையதாகவே இருந்தால் நன்றியுரையில் பெயர் போட்டதால் அது சரியாகிவிடாது. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, ஆய்வேடு தன்னால் தயாரிக்கப்பட்டது, தன் சொந்தப் படைப்பு என்று மாணவர் உறுதிமொழி தர வேண்டும். ஒப்புமை சோதனையில் 10 சதவீதத்துக்குள் வந்துவிட்டதே என்று ஆறுதல் அடையாதீர்கள். அவர் புதிதாக எழுதிய வாக்கியம் வேறெங்கும் இல்லாததால் மென்பொருள் அதைப் பிடிக்காது.

நெறியாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மொழித் திருத்தத்துக்கு உங்கள் பல்கலைக்கழகத்தில் தனி விதி இருந்தால் அதுதான் முதலில். ஆசிரியரிடமும் பெயர் போட அனுமதி கேளுங்கள். ஆய்வேடு சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏறினால் நன்றியுரையை யாரும் படிக்கலாம். வேண்டாம் என்றால் “கட்டணம் பெற்ற மொழித் திருத்துநர் ஒருவர்” என்று எழுதி, செய்த வேலையை அப்படியே சொல்லுங்கள். மிச்ச இயல்களை அவரிடம் தரும்போது மேற்கோள்களுக்கெல்லாம் மஞ்சள் வண்ணம் அடித்து, “மஞ்சளைத் தொட வேண்டாம் சார், கருத்தில் சந்தேகம் இருந்தால் ஓரத்தில் கேளுங்கள்” என்று முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.