விஷுவல் நாவல்: 40 மணி நேரக் கதையை முதலில் வாங்கலாமா?

கேள்வி: விஷுவல் நாவல் என்பது விளையாட்டா, புத்தகமா? 40 மணி நேரம் ஓடும் என்று போட்டிருந்த ஒன்று ஸ்டீமில் தள்ளுபடிக்கு வந்திருக்கிறது. எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் படிக்க வரும். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். தள்ளுபடி திரும்பவும் வரும். முதலில் சின்னதாக ஒன்றைப் படித்து, உங்கள் வேகம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இது பெரும்பாலும் படிப்புதான். பின்னால் ஓர் இடத்தின் படம், முன்னால் பேசும் ஆளின் உருவம், கீழே ஒரு பெட்டியில் ஓரிரண்டு வரி. ஒரு கிளிக் செய்தால் அடுத்த வரி வரும். கூடவே இசையும், சிலவற்றில் குரலும் உண்டு. அங்கங்கே "அவளோடு போவதா, வீட்டுக்குத் திரும்புவதா" என்பதுபோல ஒரு தேர்வு வரும். கதை அதன்படி கிளை பிரியும். தேர்வே இல்லாமல் நேராக ஓடும் கதைகளும் இருக்கின்றன. கைவேகம் எதற்கும் தேவையில்லை.

போட்டிருக்கும் நேரம் சரளமாகப் படிப்பவர்களின் கணக்கு. vndb.org தளத்தில் பல கதைகளுக்கு நீள மதிப்பீடு இருக்கும். அங்கே 4 மணி நேரம் என்றிருக்கும் ஒன்றைப் படிக்க உங்களுக்கு 7 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே விகிதத்தில் உங்கள் 40 மணி நேரக் கதை 70 மணி நேரம் இழுக்கும். தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் 140 நாள், ஏறக்குறைய ஐந்து மாதம். அது சம்மதம் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

பணத்தைத் திரும்பப் பெறும் விதியும் மெதுவாகப் படிப்பவர்களுக்குச் சாதகமாக இல்லை. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் கேட்கலாம். நிரலைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நீளமான கதைகளில் 2 மணி நேரத்தில் அறிமுகப் படலமே முடிந்திருக்காது. டெமோ இருந்தால் அதை முதலில் படியுங்கள். இல்லையென்றால், எழுந்து போகும்போது மூடிவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிவெடுத்துவிடுங்கள்.

இனி படிக்கும் முறை. ரென்பை என்ற கருவியில் செய்த கதைகள் ஏராளம். அதை வைத்தே சொல்கிறேன். மற்றவற்றிலும் ஏறக்குறைய இதே வசதிகள் இருக்கும். எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு ஆவது எரிச்சலாக இருந்தால் Prefs பக்கத்தில் Text Speed-ஐக் கடைசிவரை தள்ளுங்கள்; வரி முழுதாக வந்து நிற்கும், நீங்கள் கிளிக் செய்யும்வரை நகராது. Auto-வைத் தொடாதீர்கள். அது தானாக அடுத்த வரிக்குப் போய்விடும், அகராதியைப் புரட்ட நேரம் கிடைக்காது. ஒரு வரி தவறிவிட்டால் மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் போதும், பின்னோக்கிப் போகலாம்.

தேர்வு வரும் இடத்தில் Save செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் புதிய கட்டத்தில். முடிவு வந்த பிறகு அங்கே திரும்பி, மற்ற வழியைத் தேர்ந்து Skip அழுத்தினால் ஏற்கெனவே படித்த வரிகள் ஓடி மறையும், புது வரி வந்ததும் தானே நிற்கும். நிற்காமல் புதுக் காட்சிகளும் பறக்கின்றனவா? Prefs-இல் Unseen Text என்பது தேர்வாகியிருக்கிறது. உடனே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கதையில் பாதி படிக்காமலே போய்விடும்.

எதில் தொடங்கலாம்? 2018-இல் வந்த 'ஒன் நைட், ஹாட் ஸ்பிரிங்ஸ்' itch.io தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தோழியின் பிறந்த நாளுக்காக வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போகும் ஒரு திருநங்கையின் கதை. ஆங்கிலம் எளிது, முடிவுகள் பல; அதனால் தேர்வு, சேமிப்பு, Skip எல்லாம் ஒரே மாலையில் கைக்குப் பழகிவிடும். காசு கொடுத்து வாங்கும் முதல் கதையாக 'பிளானட்டேரியன்' என்பதைச் சொல்வேன். 2004-இல் ஜப்பானில் வெளியானது. அழிந்த நகரத்தில், ஒரு கோளரங்கில் பார்வையாளருக்காகக் காத்திருக்கும் ரோபோ பெண். அங்கே வந்து ஒதுங்கும் ஒரு மனிதன். தேர்வுகள் இல்லை, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் வேகத்தை அளக்க இதையே வைத்துக்கொள்ளலாம்.

இலவசம் என்பதற்காக 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்'பை முதலில் எடுக்காதீர்கள். படங்கள் இனிப்பாக இருந்தாலும் உள்ளே தற்கொலை உட்பட மனத்தைக் கலைக்கும் காட்சிகள் வருகின்றன. தொடக்கத்தில் அதுவே எச்சரிக்கிறது. இந்த வகைக் கதைகளின் வழக்கங்களை வைத்துத்தான் அது அதிர்ச்சி தருகிறது. நாலைந்து படித்த பிறகு எடுத்தால்தான் அது என்ன செய்கிறது என்பது பிடிபடும்.