வீட்டை எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளை கவனிக்காவிட்டால்? – கேள்வி பதில்

(கோட்டாட்சியர் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் மனுக்கள் வரும் பிரிவில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். அவரவர் பத்திரத்தைப் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்ல முடியாது.)

எங்க அம்மாவுக்கு 71 வயசு. 2019ல வீட்டை அண்ணன் பேர்ல செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தாங்க. இப்ப அண்ணன் சாப்பாடு கூட ஒழுங்கா போடுறதில்ல. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய் ரத்து பண்ணிடலாமா?

முடியாது. எழுதிக் கொடுத்தவர் மட்டும் போய் ஒரு ரத்துப் பத்திரம் எழுதிவிட்டால் செட்டில்மென்ட் ரத்தாகிவிடாது. அதைச் செய்து தருகிறேன் என்று பணம் கேட்கும் ஆட்களை நம்பாதீர்கள்.

போக வேண்டிய இடம் கோட்டாட்சியர் அலுவலகம், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸ். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்தது. தமிழ்நாட்டில் அதன்படி தீர்ப்பாயம் நடத்துவது கோட்டாட்சியர்தான். அந்தச் சட்டத்தின் 23வது பிரிவு சொல்வது இதுதான்: என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியதாக எடுத்துக்கொண்டு, கொடுத்தவர் விரும்பினால் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். 2019 பத்திரம் சட்டம் வந்த பிறகு எழுதியது என்பதால் அதில் சிக்கல் இல்லை.

மனுவை அம்மா பெயரில் எழுதுங்கள். அவரால் நடக்க முடியாவிட்டால் உங்களுக்கு அதிகாரம் கொடுத்து நீங்கள் தாக்கல் செய்யலாம். பத்திர நகல், ஆதார், அண்ணனின் சரியான முகவரி, மருந்துச் சீட்டுகள், இவை போதும். வக்கீல் தேவையில்லை. ஒன்றை மறக்காதீர்கள்: ஒரே மனுவில் இரண்டையும் கேளுங்கள், பத்திரத்தை ரத்து செய்யவும் வேண்டும், மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் வேண்டும் என்று. எங்கள் மேசைக்கு வந்த பல மனுக்களில் ‘மகன் அடிக்கிறான், நடவடிக்கை எடுக்கவும்’ என்று மட்டும்தான் இருக்கும். அது அப்படியே காவல் நிலையத்துக்குப் போய், அங்கே சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள், சொத்து பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள்.

நிபந்தனை பத்திரத்துல எழுதலைன்னா ஒண்ணும் பண்ண முடியாது சார். சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஏன் வீணா நம்பிக்கை கொடுக்கிறீங்க?

நீங்கள் சொல்வது 2022 டிசம்பரில் வந்த தீர்ப்பு. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று அதில் சொன்னது உண்மைதான். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்து அம்மா ஒருவரின் வழக்கு அதே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கடைசிவரை கவனிக்கிறேன் என்று மகன் தனியாக எழுதிக் கொடுத்த தாள் ஒன்று அதில் பெரிய பங்கு வகித்தது. முதியவர்களைக் காப்பாற்ற வந்த சட்டத்தைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லி, தானப் பத்திரத்தை ரத்து செய்து, வீட்டை அம்மாவிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்புறம் 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்து வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அன்பினால் எழுதிக் கொடுத்தது என்று இருந்தாலே கவனிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது, தனியாக நிபந்தனை வரி கட்டாயமில்லை என்றது.

ஆகவே இன்றைக்கு நிலைமை பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. எதிர்த் தரப்பு 2022 தீர்ப்பைத்தான் நீட்டும், அதனால் வழக்கு எப்படிப் போகும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஒரு தடவை ஒரு பாட்டி மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த பத்திரத்தை எடுத்து நீட்டினார். மூன்றாம் பக்கத்தில், மற்ற வாசகங்களுக்கு நடுவே, ‘என் ஆயுள் வரை நீ என்னை வைத்துக் காப்பாற்றி வர வேண்டியது’ என்று ஒரு வரி. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது, ஆனால் மொத்த வழக்கும் அந்த வரியில்தான் நின்றது. முதலில் பத்திரத்தை வரிக்கு வரி படியுங்கள்.

இனிமேல் எழுதப் போகிறவர்களுக்கு: உணவு, உடை, மருத்துவம், தங்க இடம் தர வேண்டும், தவறினால் ரத்து செய்யும் உரிமை எனக்கு உண்டு என்று எழுதுங்கள். ஆயுள் வரை அந்த வீட்டில் வாழும் உரிமையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உயில் எழுதியிருந்தால் இந்தக் கவலையே இல்லை, உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம்.

என் சம்பளம் 18,000. ரெண்டு பசங்க ஸ்கூல்ல படிக்கிறாங்க. சட்டப்படி அப்பாவுக்கு மாசம் 10,000 கட்டாயம் கொடுக்கணுமாம், எங்கே போவேன்?

பதறாதீர்கள். 10,000 என்பது இந்தச் சட்டத்தின்படி உத்தரவிடக்கூடிய அதிகபட்சத் தொகை. அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று பொருளில்லை. அப்பாவுக்கு என்ன தேவை, அவருக்குச் சொந்த வருமானம் உண்டா, உங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். சம்பளச் சீட்டு, வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். செய்யக் கூடாதது ஒன்றுதான், நோட்டீஸ் வந்த பிறகு போகாமல் இருப்பது. போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வரும், அதைக் கட்டாவிட்டால் வாரண்ட் வரும், ஒரு மாதம் வரை சிறை கூட உண்டு. உங்களுக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்களையும் தீர்ப்பாயம் அழைக்கலாம். கல்யாணமான மகளும் இந்தச் சட்டத்தில் பிள்ளைதான்.

எனக்கு எட்டு வயசுல எங்க அப்பா விட்டுட்டுப் போயிட்டார். அம்மா பீடி சுத்தி வளர்த்தாங்க. இப்ப அவர் என் மேல மனு போட்டிருக்கார். நானும் கொடுக்கணுமா?

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. வளர்த்தவருக்கு மட்டும்தான் உரிமை என்று சட்டத்தில் ஒரு வரி இல்லை, பெற்றவர் என்றாலே மனு போடலாம். ஆனால் தன் வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாதவர் என்று அவர்தான் காட்ட வேண்டும். பென்ஷன், நிலம், வேறு குடும்பம் இருந்தால் விசாரித்து எழுதிக் கொடுங்கள். அவர் விட்டுப் போன வருஷம், அம்மா பட்ட கஷ்டம், இதையும் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னது கோப்பில் ஏறாது. அது தொகையைக் குறைக்குமா, மனுவையே தள்ளுபடி செய்ய வைக்குமா என்பது உத்தரவு போடுகிறவர் கையில். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அம்மாவையும் கூட அழைத்துப் போவேன்.

(முதல்ல கேட்டவங்கதான்) சார், பத்திரத்தைப் பார்த்தேன். ‘அன்பினாலும் அபிமானத்தினாலும்’னு மட்டும்தான் இருக்கு. அதோட அண்ணன் வீட்டை பேங்க்ல அடமானம் வச்சிருக்காராம். இப்ப?

அப்படியானால் மனுவில் நாகப்பட்டினம் தீர்ப்பை நம்பி நில்லுங்கள், கூடவே அவர் எப்போது கவனிப்பதை நிறுத்தினார் என்று தேதியோடு எழுதுங்கள். அம்மா வீட்டில் கவனிப்பில்லாமல் இருப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் யாராவது சாட்சி சொன்னால் நல்லது.

அடமானம்தான் உண்மையான சிக்கல். விவரம் தெரியாமல் பணம் கொடுத்த மூன்றாம் தரப்பின் உரிமையைக் கோட்டாட்சியர் எளிதில் தொடமாட்டார். பத்திரம் ரத்தானாலும் கடன் அந்த வீட்டின் மேல் நிற்கலாம், சிவில் நீதிமன்றம் வரை போக வேண்டியும் வரலாம். அதனால் இன்றைக்கே tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, அடமானம் பதிவாகியிருக்கிறதா, எந்தத் தேதியில் என்று பாருங்கள். மனு கொடுத்ததும் அதன் நகலோடு அந்த வங்கிக் கிளைக்கும் சார்பதிவாளருக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு வீட்டை வாங்குகிறவரோ மேலும் கடன் கொடுக்கிறவரோ எனக்குத் தெரியாது என்று சொல்வது கடினம். நோட்டீஸ் சேர்ந்து 90 நாளில் பராமரிப்பு மனுவை முடிக்க வேண்டும், நடுவிலேயே இடைக்காலத் தொகையும் கேட்கலாம். அதுவரை அம்மாவை அங்கேயே விட்டுவைக்க வேண்டாம், ஆனால் அவர் சாமான்களை அந்த வீட்டிலேயே இருக்க விடுங்கள். அவசரம் என்றால் 14567க்குக் கூப்பிடுங்கள், முதியோர் உதவி எண் அது.