படம் பார்த்துப் பேசச் சொன்னால் பட்டியல் போடுகிறார்கள்

"பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டுக்கு ஆங்கிலம் போதிக்கிறேன். 24 பிள்ளைகள். ஒரு படத்தைக் காட்டிப் பேசச் சொன்னால் 'பாய், ட்ரீ, பால்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். சின்னதாக ஒரு பேச்சுத் தேர்வை எப்படி அமைப்பது, புள்ளி எப்படிப் போடுவது?"

முதலில் நீங்கள் காட்டும் படத்தைப் பாருங்கள். ஒரு பூங்கா, அதில் பத்துப் பேர், ஆளுக்கொரு வேலை என்று இருந்தால், அதைப் பார்க்கிற பிள்ளைக்கு எண்ணிச் சொல்லத்தான் தோன்றும். வினைச்சொல் வாயில் வர வேண்டுமென்றால் படத்தில் ஏதாவது நடக்க வேண்டும். நான்கு சிறு படங்களில் ஒரு கதை போதும்.

தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவுக்குப் போகாத பினாங்குப் பிள்ளை குறைவு. அங்கே குரங்கு பையைப் பிடுங்குவதும் புதிதல்ல. அதையே வரையுங்கள். முதல் படத்தில் அக்காவும் தம்பியும் பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இரண்டில், மரத்திலிருந்து குரங்கு அவர்களுடைய பையைப் பார்க்கிறது. மூன்றில் பையோடு ஓடுகிறது. நான்கில் மேலே குரங்கு தின்கிறது, கீழே அக்கா அழுகிறாள். கோட்டுப்படமே போதும்.

வரைந்ததும் வேறு வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் காட்டித் தமிழில் கதை சொல்லச் சொல்லுங்கள். தமிழிலேயே தடுமாறினால் பிழை படத்தில்தான். நான் ஒருமுறை பனிமனிதன் படத்தை வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்று முடிவுகட்டியவன்.

தேர்வுக்கு ஒருவருக்கு 4 நிமிடம், ஆள் மாற 1 நிமிடம். 24 பேருக்கு 2 மணி நேரம் ஆகும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெயர், பிடித்த சாப்பாடு என்று முதல் நிமிடம் சும்மா பேசுங்கள், அதற்குப் புள்ளி இல்லை. அப்புறம் கதை. கேம்பிரிட்ஜ் சிறுவர்களுக்கு நடத்தும் மூவர்ஸ் ஆங்கிலத் தேர்வில் இதேபோல் நான்கு படக் கதை வரும், முதல் படத்தைத் தேர்வாளரே சொல்லித் தொடங்கிவைப்பார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எப்படிப் பேச வேண்டும் என்பது பிள்ளைக்கு உடனே பிடிபட்டுவிடும்.

பிள்ளை நின்றுவிட்டால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நம்மில் பலருக்கு இதுதான் கஷ்டம், இரண்டாவது நொடியிலேயே வாய் திறந்துவிடுவோம். அதற்குப் பிறகும் மௌனம் என்றால், "வாட் இஸ் தி மங்கி டூயிங்?" என்று கேளுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், "இஸ் தி மங்கி ஸ்லீப்பிங் ஆர் ரன்னிங்?" என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியில் சொல்லை நாமே கொடுத்துவிடுகிறோம். அதனால் உதவிக்கு முதல் கேள்வி போதுமாக இருந்ததா, இரண்டாவதும் தேவைப்பட்டதா என்று தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். புள்ளி அதைப் பொறுத்தது.

புள்ளிக்கு மூன்று கட்டம் போதும், மொத்தம் 8. முதலாவது செய்தி. கதையை உதவியில்லாமல் நகர்த்தினால் 3, முதல் கேள்வியின் உதவியோடு என்றால் 2, இரண்டாம் கேள்வியை நம்பியே வந்தால் 1. அடுத்தது மொழி. வாக்கியங்கள் பெரும்பாலும் முழுமையாக இருந்து ஒன்றோடொன்று இணைந்தால் 3, வினைச்சொல்லோடு துண்டு வாக்கியங்கள் என்றால் 2, தனிச்சொற்கள் மட்டும் என்றால் 1. கடைசியாக உச்சரிப்பு. சிரமமில்லாமல் புரிந்தால் 2, மறுபடி கேட்க வேண்டியிருந்தால் 1. எதுவுமே வராவிட்டால் எந்தக் கட்டத்திலும் 0.

ஒரு பிள்ளை இப்படிச் சொல்கிறாள் என்று வையுங்கள்: "மங்கி லுக் தி பேக்." மூன்றாம் படத்தில் மௌனம். முதல் கேள்வி கேட்டதும், "மங்கி டேக் பேக், ரன்." பிறகு தானாகவே, "கேர்ள் க்ரை. மங்கி ஈட்." இலக்கணப் பிழையைப் பார்த்தவுடன் மொழிக்கு 1 போடக் கை போகும். ஆனால் ஒவ்வொரு துண்டிலும் வினைச்சொல் இருக்கிறது, யார் என்ன செய்தார் என்பதும் தெளிவு. விகுதி விட்டுப்போனது இந்த வயதில் வழக்கம்தான். செய்தி 2, மொழி 2, உச்சரிப்பு 2, ஆக 6. இந்த 6-ஐ அப்படியே வகுப்பறை மதிப்பீட்டின் ஆறாம் அடைவுநிலை என்று எழுதிவிடாதீர்கள். அது வேறு அளவுகோல், இது அதற்கு ஒரு சான்று மட்டுமே.

ஒரே கதையை எல்லாருக்கும் வைத்தால் இடைவேளைக்குள் கசிந்துவிடும். பத்தாவது ஆளிலிருந்து எல்லாரும் ஒரே வாக்கியத்தை ஒப்பித்தால் அதுதான் அடையாளம். இதே அளவு கடினத்தில் இன்னொரு கதை, நாய் செருப்பைத் தூக்கிப்போவதுபோல, கையில் இருக்கட்டும். மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்வதும் நல்லது. இரண்டு நாள் கழித்து ஆறு பேருடைய பதிவை மட்டும் பழைய புள்ளியைப் பார்க்காமல் மறுபடி கேளுங்கள். மொத்தத்தில் 1 புள்ளி மாறினால் பரவாயில்லை. 2 மாறினால் எந்தக் கட்டத்தில் மாறியது என்று பார்த்து, அந்தக் கட்டத்தின் விளக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டு மற்றவர்களுக்கும் மறுபடி புள்ளி போடுங்கள்.