பங்கு விற்ற கணக்கில் எஸ்.டி.டி.யைக் கழிக்கலாமா?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் 200 பங்குகளை 500 ரூபாய் விலையில் வாங்கி, நான்கு மாதம் கழித்து 503.50 ரூபாய்க்கு விற்றேன். புரோக்கரேஜ் இரண்டு பக்கமும் 0.2%. ஆப்பில் 700 ரூபாய் லாபம் என்று வந்தது. வங்கிக் கணக்கைப் பார்த்தால் போட்ட பணமே முழுதாகத் திரும்பவில்லை. வரிக் கணக்கில் இதை நஷ்டமாகக் காட்டலாமா?

பதில்: காட்ட முடியாது. உங்கள் கையிலிருந்து சுமார் 12 ரூபாய் போயிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வருமான வரிச் சட்டப்படி உங்களுக்கு சுமார் 189 ரூபாய் குறுகிய கால மூலதன ஆதாயம் கிடைத்திருக்கிறது. இந்த இரண்டு விடைக்கும் நடுவே நிற்பது எஸ்.டி.டி. என்கிற பங்குப் பரிவர்த்தனை வரி.

வாங்கிய நாளின் கான்ட்ராக்ட் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கின் விலை 1,00,000 ரூபாய். அதற்கு மேல் புரோக்கரேஜ் 200 ரூபாய், முத்திரைக் கட்டணம் 0.015% வீதம் 15 ரூபாய், சந்தைக் கட்டணமும் செபி கட்டணமும் சேர்த்து 3 ரூபாய். புரோக்கரேஜுக்கும் இந்த 3 ரூபாய்க்கும் 18% ஜி.எஸ்.டி. என்ற வகையில் 37 ரூபாய். மொத்தம் 255 ரூபாய். எஸ்.டி.டி. 0.1%, அதாவது 100 ரூபாய், தனி.

விற்ற நாளில் கிடைத்த விலை 1,00,700 ரூபாய். புரோக்கரேஜ் 201, சந்தை, செபி கட்டணம் 3, ஜி.எஸ்.டி. 37 ஆக 241 ரூபாய் கழிந்திருக்கும். முத்திரைக் கட்டணம் வாங்கும்போது மட்டும்தான், விற்கும்போது இல்லை. டீமேட்டிலிருந்து பங்கை எடுத்ததற்கான டி.பி. கட்டணத்தை 15 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். இது புரோக்கருக்குப் புரோக்கர் மாறும். பெரும்பாலும் கான்ட்ராக்ட் நோட்டில் வராமல் லெட்ஜரில் தனியாகப் பிடிக்கப்படுவதால் பலர் கண்ணில் படுவதே இல்லை. விற்பனைக்கான எஸ்.டி.டி. 101 ரூபாய்.

இப்போது கூட்டுங்கள். எஸ்.டி.டி. தவிர்த்த செலவு 255, 241, 15 சேர்ந்து 511 ரூபாய். எஸ்.டி.டி. 201 ரூபாய். ஆக மொத்தச் செலவு 712 ரூபாய். 700 ரூபாய் விலை உயர்வை அது விழுங்கிவிட்டது. நீங்கள் நஷ்டமில்லாமல் வெளியே வர விலை ஏறக்குறைய 503.56 ரூபாயாவது இருந்திருக்க வேண்டும்.

வரிக் கணக்கில் வாங்கிய செலவுகளைப் பங்கின் அடக்க விலையோடு சேர்க்கலாம். விற்பனைக்காகவே ஆன செலவுகளை விற்ற தொகையிலிருந்து கழிக்கலாம். ஆனால் மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது எஸ்.டி.டி.யைக் கழிக்கக் கூடாது என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. வாங்கும்போது கட்டியதையும் சேர்க்க முடியாது, விற்கும்போது கட்டியதையும் கழிக்க முடியாது. எனவே 700-இல் 511 போக 189 ரூபாய் ஆதாயம். ஓராண்டுக்குள் விற்றதால் 20% வரியும் அதன் மேல் 4% செஸ்ஸும் சேர்ந்து சுமார் 39 ரூபாய். கையில் நட்டப்பட்டவரிடம் வரியும் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் விதி இதுதான்.

நான் அதிகம் பார்க்கும் பிழை, வங்கிக்கு வந்த தொகையையே விற்பனைத் தொகையாக எழுதிவிடுவது. கான்ட்ராக்ட் நோட்டின் கடைசி வரியில் இருக்கும் நிகரத் தொகை எஸ்.டி.டி.யும் கழித்த பிறகு வருவது. அதை எடுத்தால் கழிக்கக் கூடாததைக் கழித்தவராகிறீர்கள். அதற்குமேல் செலவு என்ற கட்டத்தில் புரோக்கரேஜையும் போட்டால் ஒரே செலவு இரண்டு முறை கழிந்துவிடும். படிவத்தில் விற்பனைத் தொகையாக 1,00,700, அடக்க விலையாக 1,00,255, விற்பனைச் செலவாக 256 என்று தனித்தனியே எழுதுங்கள். கடைசியில் 189 வரவேண்டும். உங்கள் விடை மைனஸ் 12 என்று வந்தால் எஸ்.டி.டி. எங்கோ உள்ளே நுழைந்திருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் டீமேட் பராமரிப்புக் கட்டணத்தை இதில் சேர்க்காதீர்கள். நீங்கள் விற்றாலும் விற்காவிட்டாலும் அது உண்டு. இந்த விற்பனையால் வந்த செலவல்ல.

விலை 502 ரூபாயில் நின்றிருந்தால் வரிக் கணக்கிலும் சுமார் 110 ரூபாய் நஷ்டம் வந்திருக்கும். அப்படிப்பட்ட குறுகிய கால நஷ்டத்தை அதே ஆண்டின் மற்ற மூலதன ஆதாயத்தோடு கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தை 8 ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம். அதற்குக் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்க வேண்டும். பங்கு வாங்கி விற்பதையே தொழிலாக நடத்தி, அதைத் தொழில் வருமானமாகக் காட்டுகிறவர்களுக்கு மட்டும் எஸ்.டி.டி.யும் செலவாகக் கழியும். நான்கு மாதம் வைத்திருந்து ஒரு பங்கை விற்ற உங்களுக்கு அந்த வழி பொருந்தாது.