டிபன் கடைப் பார்சலில் சாம்பாரையும் சட்னியையும் கவர் இல்லாமல் கொடுப்பது எப்படி?

கேள்வி: சென்னையில் சாயங்கால டிபன் கடை. இட்லி, தோசை, பொங்கல் பார்சல்தான் அதிகம். பிளாஸ்டிக் கவரை விட்டுவிடலாம் என்றால் சாம்பாரும் சட்னியும் எதில் கட்டுவது? செலவும் கட்டுப்படியாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே பொருளைத் தேடாதீர்கள், அது கிடையாது. இட்லிக்கும் பொங்கலுக்கும் இலை போதும். சட்னியைக் கெட்டியாக்கினால் அதுவும் இலையிலேயே போய்விடும். சாம்பார் மட்டும் பாத்திரத்தில் போகட்டும்: வாடிக்கையாளர் கொண்டுவருவது, இல்லையென்றால் டெபாசிட் வாங்கிக்கொண்டு நீங்கள் தரும் எவர்சில்வர் டப்பா. காசு கொடுத்து வாங்கும் மூடி போட்ட கப், டெலிவரி ஆப்பில் வரும் ஆர்டருக்கு மட்டும் இருந்தால் போதும். இப்படிப் பிரித்தால்தான் செலவு கட்டுக்குள் நிற்கும்.

கடைகளில் மாற்று என்று சொல்லி விற்பதில் பாதி மாற்றே இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தடையில், தடிமன் எதுவானாலும் பிளாஸ்டிக் கைப்பை, உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள் இவற்றோடு பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், காகிதத் தட்டு, நெய்யாத பை ஆகியவையும் உண்டு. துணிப்பை மாதிரியே இருக்கும் அந்த நெய்யாத பை பாலிபுரொப்பிலீன்தான். ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துப் பாருங்கள். துணி என்றால் ஊடும் பாவுமாகப் பிரியும். இது பஞ்சுபோலக் கிழியும், நெருப்பில் காட்டினால் உருகிச் சொட்டும். காகிதக் கப்புக்கும் சோதனை சுலபம். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினால், பூச்சு இருக்கிற கப்பில் மெல்லிய ஜவ்வு தனியாக உரிந்து வரும்.

‘பயோ கவர்’ என்று வருபவற்றில் சந்தேகம் இன்னும் அதிகம் தேவை. உண்மையான மக்கும் கவரில் ‘கம்போஸ்டபிள்’ என்ற சொல்லும், தயாரிப்பாளரின் பெயரும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் எண்ணும் அச்சாகி இருக்கும். சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்கி, எண் ஒன்றுதானா என்று பாருங்கள். ‘ஆக்சோ’ என்று போட்டிருந்தால் வாங்கவே வேண்டாம், அது மக்காமல் சின்னச் சின்னத் துண்டாக உடைவதுதான். சான்றிதழ் சரியாக இருந்தாலும் இன்னொரு சங்கடம் உண்டு. சோளமாவில் செய்யும் பி.எல்.ஏ. ரகக் கப் 60 டிகிரி பக்கம் போனாலே இளகிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பார் அதைவிட ரொம்பச் சூடு.

இனி இலை. வாழை இலையின் குறுக்கு நரம்புகள் நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் ஓடும். இலை கிழிவது எப்போதும் அந்த நரம்பை ஒட்டியே. அதனால் பச்சை இலையை அப்படியே மடித்தால் பொட்டலம் வாய் விடும். இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, இலையை அடுப்புத் தணலில் காட்டி வாட்டுவது. ஓர் இடத்தில் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போனால் சில விநாடியில் நிறம் அடர்ந்து மினுமினுப்பு ஏறும், அங்கேயே எடுத்துவிட வேண்டும். விளிம்பு பழுப்பானால் அதிகம் வாட்டியாயிற்று, மடிக்கும்போது நொறுங்கும். மாலை வியாபாரத்துக்கு மதியமே மொத்தமாக வாட்டி அடுக்கிவிடலாம். இன்னொன்று, இரண்டு துண்டு போடும்போது மேல் துண்டின் நரம்பும் கீழ்த் துண்டின் நரம்பும் ஒன்றுக்கொன்று குறுக்கே இருக்கும்படி வைப்பது. ஒன்று கிழிந்தாலும் மற்றது தாங்கும். நடுத்தண்டை முதலிலேயே சீவி எடுத்துவிடுங்கள், அது இருந்தால் மடிப்பு படியாது.

வெளிச்சுற்றுக்குச் செய்தித்தாள் வேண்டாம். உணவைக் கட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. அச்சு மை எண்ணெயிலும் ஆவியிலும் இறங்கும். அச்சில்லாத பழுப்புக் காகிதத்தைப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாக வாங்கி, வேண்டிய அளவில் வெட்டித் தரச் சொல்லலாம். கட்டப் பருத்தி நூல். ஸ்டேப்ளர் பின்னைக் கடைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், கழன்று தட்டில் விழும்.

இட்லியைத் தட்டிலிருந்து எடுத்த நிமிடமே கட்டினால் ஆவி உள்ளேயே தண்ணீராகி அடி இட்லி கொழகொழக்கும். இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டுக் கட்டினால் போதும். கூட்ட நேரத்தில் இந்த இரண்டு நிமிடம் கிடைக்காதே என்றால், ஆர்டர் வந்ததும் முதலில் இட்லியை இலையில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் சட்னி, சாம்பார் பக்கம் போங்கள்.

சட்னியைப் பொறுத்தவரை மாற்ற வேண்டியது பாக்கிங் அல்ல, அரைக்கும் பக்குவம். பார்சலுக்கென்று தேங்காய்ச் சட்னியைத் தனியாக, பொட்டுக்கடலை கொஞ்சம் கூட்டி, தண்ணீர் குறைத்து அரையுங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் சட்னி உடனே விழக் கூடாது, அதுதான் அளவு. பச்சை வெங்காயம் போட்டு அரைத்தால் உப்பு பட்டு நேரம் ஆக ஆக நீர் விடும், பார்சல் சட்னியில் அதைத் தவிர்க்கலாம். வெங்காயம், தக்காளியை நன்றாக வதக்கி அரைத்த காரச் சட்னிக்கு இந்தத் தொல்லை குறைவு. தாளிப்பில் எண்ணெயைக் குறைக்க வேண்டும். தண்ணீருக்கு அசையாத மடிப்பிலும் எண்ணெய் மெல்ல ஊர்ந்து வந்துவிடும். இரண்டு கரண்டி சட்னிக்கு ஒரு சாண் சதுரத்தில் வாட்டிய இலை போதும். நான்கு ஓரத்தையும் மேலே கூட்டி நூலால் சுருக்கினால் பொட்டலம் தயார். அதை இட்லி மேல் வைக்காமல் பக்கத்தில் வைத்துக் கட்டுங்கள். மிளகாய்ப் பொடிக்குச் சின்னக் காகிதப் பொட்டலம், எண்ணெயை வீட்டில் ஊற்றிக்கொள்ளட்டும்.

சாம்பாருக்கு வருவோம். உண்மையான சிக்கல் இது ஒன்றுதான். அலுமினிய ஃபாயில் டப்பாவில் ஊற்றும் யோசனை வரும்; புளியும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும், சூட்டில் இன்னும் வேகமாக. பாக்கு மட்டைத் தொன்னை கடையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குச் சரி, மூடி இல்லாததால் வண்டியில் வீடு வரை போகாது.

ஆகவே பாத்திரம். எழுதிப் பார்த்தால் பயம் போய்விடும். உதாரணமாக ஒரு நாளைக்கு 60 பார்சல் போகிறது, அதில் 15 ஆப் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 45-ல் பெரும்பகுதி அக்கம்பக்கத்து ஆட்கள்தான். அவர்களில் 25 பேர் தூக்கோ டிபன் பாக்ஸோ கொண்டுவருகிறார்கள், 10 பேர் சாம்பார் இல்லாமல் சட்னி, பொடியோடு வாங்கிக்கொள்கிறார்கள். டெபாசிட் டப்பா தேவைப்படுவது மீதி 10 பேருக்கு. ஒரு டப்பா திரும்பி வரச் சராசரியாக 3 நாள் ஆகிறது என்றால் எப்போதும் 30 டப்பா வெளியே இருக்கும். கழுவிக் காய்வதற்கும், தாமதமாகத் தருகிறவர்களுக்கும் இன்னொரு 10. மொத்தம் 40 டப்பா இருந்தால் கடை ஓடும். டப்பா 70 ரூபாய் என்றால் முதல் 2,800 ரூபாய். வெளியே இருக்கிற 30-க்கும் டெபாசிட் பணம் உங்கள் கையில் இருக்கும், ஆனால் அது திருப்பித் தர வேண்டிய பணம், கல்லாவோடு கலக்காமல் தனி டப்பாவில் வையுங்கள்.

டெபாசிட்டை டப்பாவின் விலையை விடக் குறைத்து வைத்தால் அது சத்தமில்லாமல் விற்பனையாகிவிடும், உங்களுக்குத்தான் நஷ்டம். டப்பா விலையே டெபாசிட் என்றால் திரும்பி வராவிட்டாலும் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். எல்லா டப்பாவும் ஒரே அளவு, ஒரே கடையில் வாங்கியதாக இருக்கட்டும், மூடி மாறிப் போனாலும் பொருந்தும். அடியில் கடைப் பெயரைப் பொறித்துவிடுங்கள். பாத்திரக் கடையிலேயே மெஷினில் எழுதித் தருவார்கள்.

மூடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றி உடனே அழுத்தி மூடினால் ஆவி மூடியைத் தூக்கும். அதையும் மீறி இறுக மூடிவிட்டால், வீட்டில் ஆறிய பிறகு உள்ளே காற்று சுருங்கி மூடி திறக்கவே வராது. ஊற்றி ஒரு நிமிடம் விட்டு மூடுங்கள், கழுத்துக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்துங்கள். ரப்பர் வளையம் உள்ள மூடியில் சாம்பார் வாசம் ஏறிப் போகவே போகாது, வளையம் இல்லாத ரகமே மேல்.

வாடிக்கையாளரின் பாத்திரத்தில் ஊற்றும்போது உங்கள் கரண்டி அதன் விளிம்பைத் தொடக் கூடாது. தொட்ட கரண்டி திரும்ப அண்டாவுக்குள் போனால் ஒருவர் வீட்டு அழுக்கு எல்லோருக்கும் போகும். ஒரு தனிக் குவளையில் அளந்து எடுத்து, உயரத்திலிருந்து ஊற்றினால் இந்தப் பிரச்சினையே இல்லை. பெரிய தூக்கு கொண்டுவருகிறவர் நிரம்ப ஊற்றச் சொல்வார் என்பதற்கும் அந்தக் குவளைதான் பதில்.

மீதியுள்ள 15 ஆப் ஆர்டருக்குக் கரும்புச் சக்கைப் பாக்ஸும், மூடியுள்ள சக்கைக் கப்பும். வாங்குவதற்கு முன் பத்து கப் மாதிரி கேளுங்கள். தாளிப்போடு கூடிய சூடான சாம்பாரை முக்கால் பங்கு ஊற்றி, மூடி, வெள்ளைக் காகிதத்தின் மேல் 45 நிமிடம் வையுங்கள். அடியில் வெறும் ஈரம் மட்டும் இருந்து, காய்ந்ததும் தடம் தெரியாமல் போனால் அது ஆவி வியர்த்தது, கவலை இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிபோலத் தெரியும் கறை இருந்தால் எண்ணெய் இறங்குகிறது. மஞ்சள் தடம் என்றால் கசிவு, அந்த ரகத்தை விட்டுவிடுங்கள். பிறகு பக்கவாட்டில் சாய்த்து மூடியைப் பாருங்கள், பெரும்பாலும் தோற்பது கப் இல்லை, மூடிதான். எண்ணெய் இறங்காமல் இருக்கச் சில தயாரிப்பாளர்கள் பிஎஃப்ஏஎஸ் என்ற ரசாயனம் சேர்ப்பது உண்டு. அது இல்லை என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தக் கப்பின் விலையை ஆப்பில் பாக்கிங் கட்டணமாகப் போட்டுவிடலாம், கடைக்கு வருகிறவர் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

முகூர்த்த நாள் நெருங்கினால் கோயம்பேட்டில் வாழை இலை விலை ஏறும். அந்த நாட்களுக்குத் தைத்த மந்தார இலையைக் கட்டுக் கட்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த இலை என்பதால் மாதக்கணக்கில் கிடக்கும், ஆனால் கட்டுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும், அப்படியே மடித்தால் உடையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதையும் பாக்கு மட்டையையும் தரையில் வைக்காதீர்கள். பூஞ்சை பிடித்தால் முதலில் தெரிவது பச்சைப் புள்ளி அல்ல, கட்டைப் பிரிக்கும்போது வரும் மக்கல் வாசம். அந்தக் கட்டை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.